நட்சத்திர வரைபடத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு வானம் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

நூலகப் புத்தகத்திலோ பத்திரிகையிலோ இருக்கும் நட்சத்திர வரைபடத்தைப் போனில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் நான்கு பேருக்கு அனுப்பிவிட்டு, மொட்டை மாடிக்கு ஏறுகிறார்கள். கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே பொருந்தவில்லை என்று இறங்கி வருகிறார்கள். மேகத்தின் மீதும் தெருவிளக்கின் மீதும் பழி விழுகிறது. உண்மையில் பெரும்பாலும் கோளாறு படமெடுத்த விதத்தில்தான். வட்டம் அழகாகத் திரையில் அடங்க வேண்டும் என்று ஓரங்களை வெட்டிவிடுகிறார்கள். அந்த ஓரத்தில்தான் நான்கு முக்கியமான விவரங்கள் அச்சாகியிருக்கும்: எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பக்கம் எந்தத் திசை, எந்த அட்சரேகைக்கு உரிய படம்.

நேரத்தை முதலில் முடித்துவிடலாம், அது எளிது. ஒரு நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நான்கு நிமிடம் முன்னதாக எழுகிறது. அரை மாதத்தில் ஒரு மணி நேரம், ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம். ஜனவரி 15 இரவு பத்து மணிக்கான படமும், பிப்ரவரி 15 இரவு எட்டு மணிக்கான படமும் ஒரே படம்தான். ஜனவரிப் படத்தை மார்ச் மாதம் பத்து மணிக்குத் தூக்கிப் பிடித்தால் வானம் நான்கு மணி நேரம் முன்னே போயிருக்கும். அமெரிக்க, ஐரோப்பியக் கோடைக்காலப் படங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், படத்தில் பத்து மணி என்றிருந்தால் நமக்கு ஒன்பது.

அட்சரேகை விஷயம் இப்படி ஒரு வரியில் முடியாது. டெல்டாவில் ஏமாறுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதாந்திரப் படங்களில் பல, வட அட்சரேகை 40 டிகிரிக்கு வரையப்பட்டவை. நியூயார்க் ஏறத்தாழ அந்த அட்சரேகையில் இருக்கிறது. தஞ்சாவூர் இருப்பதோ 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவில். வித்தியாசம் 29 டிகிரி. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால், அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் சுமார் பத்து டிகிரியை மறைக்கும். ஆக, அந்தப் படத்தில் தெற்கே இருப்பதெல்லாம் நம் வானத்தில் மூன்று முஷ்டி மேலே ஏறியிருக்கும். வடக்கே இருப்பதெல்லாம் மூன்று முஷ்டி கீழே இறங்கியிருக்கும்.

ஓரம் வெட்டுப்பட்ட படம் எந்த ஊருக்கு உரியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாசி முதல் தேதி, அதாவது பிப்ரவரி நடுவில், இரவு எட்டு மணிப் படத்தை எடுத்துக்கொள்வோம். வட்டத்தின் மையம்தான் உச்சந்தலைக்கு நேர் மேலே உள்ள இடம். மையத்துக்கு அருகே கபெல்லா என்ற மஞ்சள் நட்சத்திரம் இருந்தால் அது 40 டிகிரிப் படம். ஓரியன் என்ற வேட்டைக்காரனின் தோளில் உள்ள திருவாதிரை மையத்தை ஒட்டி இருந்தால் அது நம் பக்கத்துப் படம். இன்னொரு சோதனை: தெற்கு விளிம்பில் கனோபஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அகத்தியர் நட்சத்திரம் என்று நாம் சொல்வது அதைத்தான். 40 டிகிரியில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, அதனால் படத்திலும் இருக்காது. தஞ்சாவூரிலோ தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்துக்கு ஏறி நிற்கும். இரவு வானத்து நட்சத்திரங்களில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். படத்தில் இல்லாத இவ்வளவு பெரிய வெளிச்சத்தைப் பார்த்ததும், விமானம் என்றோ ஏதோ கிரகம் என்றோ முடிவுகட்டிவிடுகிறார்கள். கிரகங்கள் அவ்வளவு தெற்கே வருவதே இல்லை.

சரி, கையில் இருப்பது 40 டிகிரிப் படம்தான், வேறு கிடைக்கவில்லை. அதை வைத்தே அந்த மாசி இரவில் ஓரியனைப் பிடிக்கலாம். படத்தில் அது தெற்கு அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவழியில், நிமிர்ந்து நிற்கும் வேட்டைக்காரனாக இருக்கும். அந்த உயரத்தில் தேடாதீர்கள், மூன்று முஷ்டி மேலே போங்கள். நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் உள்ள இடுப்புப் பட்டை, உச்சியிலிருந்து ஒரு முஷ்டிதான் தெற்கே தள்ளி இருக்கும். ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே என்பதால், நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து அண்ணாந்தீர்கள் என்பது முக்கியமாகிவிடுகிறது. தெற்கு பார்த்து நின்றால் திருவாதிரை மேலே இடப்பக்கம் சிவப்பாக, ரிகல் கீழே வலப்பக்கம் நீல வெண்மையாக, படத்தில் உள்ளபடியே தெரியும். வடக்கு பார்த்து நின்று தலையைப் பின்னால் சாய்த்தால் வேட்டைக்காரன் தலைகீழ். பாய் விரித்து, தலை வடக்கே கால் தெற்கே இருக்கப் படுத்துவிடுவது உத்தமம். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று வீட்டில் யாராவது சொன்னால், தூங்கப்போவதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

முன்னிரவில் ஓரியன் கிழக்கே எழும் மார்கழியில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். நியூயார்க்கில் திருவாதிரை முதலில் எழும், ரிகல் பின்னால் வரும். தஞ்சாவூரில் ரிகல் முதலில் எழுந்து, அரை மணி நேரம் போன பிறகுதான் திருவாதிரை வரும். வேட்டைக்காரன் இங்கே பக்கவாட்டில் படுத்தபடி எழுகிறான். தோள் இடப்பக்கம், பாதம் வலப்பக்கம். இடுப்புப் பட்டை மட்டும் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். நிமிர்ந்த ஆளைத் தேடுகிறவருக்கு இந்த வடிவம் கண்ணெதிரே இருந்தாலும் பிடிபடாது.

அடுத்தது திசை. நட்சத்திரப் படத்தில் வடக்கு மேலே, கிழக்கு இடப்பக்கம் இருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்துப் படத்தைப் போனில் இடம் வலம் புரட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிலப்படத்தைக் குனிந்து பார்க்கிறோம், வான்படத்தை அண்ணாந்து பார்க்கிறோம். தலைக்கு மேலே தூக்கி வடக்கை வடக்குக்குப் பொருத்தினால் கிழக்கு தானாகவே சரியான பக்கம் வந்துவிடும். எந்தத் திசை பார்த்து நிற்கிறீர்களோ அந்த விளிம்பு கீழே வர வேண்டும் என்பதுதான் விதி. காகிதத்தில் இது சுலபம். போனில், கிழக்கு விளிம்பைக் கீழே கொண்டுவரப் பக்கவாட்டில் திருப்பியதும் படம் தானாகச் சுழன்று பழையபடி வடக்கை மேலே வைத்துக்கொள்ளும். திரை சுழலும் வசதியைப் பூட்டாமல் வானத்தின் கீழே நிற்காதீர்கள். திசை தெரியாவிட்டால் ஊர்ச் சிவன் கோயிலைக் கேளுங்கள். டெல்டாவில் பெரும்பாலான கோயில்களின் சந்நிதி கிழக்கு பார்த்தது.

அளவிலும் போன் ஏமாற்றுகிறது. திரையில் ஓரியன் நகத்தளவு. வானத்தில் திருவாதிரைக்கும் ரிகலுக்கும் இடையே, நீட்டிய கையின் ஒரு சாண் தூரம் இருக்கும். சின்ன உருவத்தைத் தேடும் கண் கார்த்திகைக் கூட்டத்தில் போய் நிற்கும். ஏழெட்டுப் புள்ளிகள் நெருக்கமாக, குட்டிக் கரண்டி போல இருப்பதால், சப்தரிஷி மண்டலம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். சப்தரிஷி ஒரு சாணைவிடப் பெரியது. கார்த்திகையோ நீட்டிய கையின் ஒரு கட்டை விரலுக்குள் மறைந்துவிடும். சாண் கணக்கு கைவந்தால் வழி தானாகத் திறக்கும். இடுப்புப் பட்டையின் கோட்டைத் தென்கிழக்கே ஒரு சாண் நீட்டினால் சிரியஸ். எதிர்ப்பக்கம் ஒரு சாண் நீட்டினால் ஆரஞ்சு நிற ரோகிணி, அதே போக்கில் இன்னும் ஒன்றரை முஷ்டி போனால் கார்த்திகை. இந்தக் கோட்டுக்கு அருகே படத்தில் இல்லாத, மினுக்காத வெளிச்சம் ஏதாவது இருந்தால் அது கிரகம். 2026 தொடக்கத்தில் வியாழன் மிதுனத்தில் நின்று இப்படித்தான் பலரைக் குழப்பியது.

நாள் தேர்விலும் ஒரு பிசகு நடக்கிறது. திருக்கார்த்திகை அன்று கார்த்திகையையும், ஆருத்ரா தரிசனத்தன்று திருவாதிரையையும் பார்க்கக் கிளம்புகிறார்கள். அந்த நட்சத்திரத்துக்கு அருகே நிலா வரும் நாள் என்பதால்தான் விழாவுக்கே அந்தப் பெயர். அதுவும் பௌர்ணமியை ஒட்டிய நிலா. கார்த்திகையின் மங்கலான புள்ளிகள் அந்த ஒளியில் கரைந்துவிடும். பத்து நாள் தள்ளிப் போங்கள், நிலா நள்ளிரவுக்குப் பிறகுதான் எழும்.

சப்தரிஷியைத் தேட மாசி சரியான மாதமே அல்ல. 40 டிகிரியில் அது மறைவதே இல்லை. நம் ஊரில் மறையும். மாசி தொடக்கத்தில், அதில் உள்ள அருந்ததி எழவே இரவு ஒன்பது ஆகிவிடும். (பகல் முகூர்த்தத்தில் மண்டப வாசலில் நின்று எதைக் காட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.) வைகாசி முதல் தேதி இரவு ஒன்பது மணிக்கு வடக்கே பார்த்தால், கரண்டி கவிழ்ந்த நிலையில் நான்கு முஷ்டி உயரத்தில் இருக்கும். அதன் இடது ஓரத்து இரண்டு நட்சத்திரங்களின் கோட்டைக் கீழே ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம். படம் அதை நாற்பது டிகிரி உயரத்தில் போட்டிருக்கும். இங்கே பதினொன்றுதான், ஒரு முஷ்டிக்குச் சற்று மேல். தென்னந்தோப்பு இருந்தால் தெரியாது. கொள்ளிடத்தின் தென்கரையில் நின்று ஆற்றின் குறுக்கே பார்த்தால் வடக்கு திறந்திருக்கும். காலில் செருப்பும் கையில் டார்ச்சும் இருக்கட்டும், கரையில் பாம்பு உண்டு.

அதே வைகாசி இரவில் அப்படியே தெற்கே திரும்பினால் தென்சிலுவை, ஒன்றரை முஷ்டிக்கும் இரண்டே கால் முஷ்டிக்கும் இடையே நேராக நிற்கும். 40 டிகிரிப் படத்தில் அது கிடையாது. இதற்காகப் பங்குனியிலேயே தெற்கே பார்த்தவர்கள், ஒன்பது மணிக்கு அங்கே நிற்கும் போலிச் சிலுவையைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று வந்துவிடுகிறார்கள். போலியானது அளவில் பெரியது, ஒளியில் மங்கல். உண்மையான சிலுவை நிமிர்ந்து நிற்கும்போது அதன் இடப்பக்கம், ஒரு முஷ்டித் தொலைவுக்குள் தொடங்கி, இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பின்தொடர்ந்து வரும். அவற்றில் சிலுவையிலிருந்து தள்ளி இருப்பது ஆல்ஃபா செண்டாரி. அந்த இரண்டும் இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது போலி.