இரட்டை அச்சு வரைபடம்: இல்லாத உறவு எப்படித் தெரிகிறது, அதை எப்படிச் சோதிப்பது

ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். இடப்பக்கச் செங்குத்து அச்சு ஒரு கோட்டுக்கும் வலப்பக்கச் செங்குத்து அச்சு மற்றொரு கோட்டுக்கும் உரியதாக இருக்கும். இதைத்தான் இரட்டை அச்சு வரைபடம் என்கிறோம். இரண்டு கோடுகளும் ஒட்டி ஒட்டிச் சென்றால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று கண் உடனே முடிவு கட்டிவிடுகிறது. அந்த நெருக்கத்தில் எவ்வளவு தரவிலிருந்து வந்தது, எவ்வளவு அச்சின் எல்லைகளிலிருந்து வந்தது என்பதை நீங்களே வரைந்து பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். பைத்தானும் மேட்பிளாட்லிப் நூலகமும் உங்கள் கணினியில் இருந்தால் போதும்.

படி 1: தொடர்பே இல்லாத இரண்டு தரவுகளை எடுத்துக்கொள்ளுதல்

பயிற்சிக்காக நானே அமைத்த எண்கள் இவை. முதல் வரிசை, ஒரு மரக்கன்றின் உயரம், சென்டிமீட்டரில். இரண்டாவது வரிசை, ஓர் இணையதளத்துக்கு மாதந்தோறும் வந்த பார்வையாளர்களின் எண்ணிக்கை. இரண்டுமே எட்டு மாதங்களுக்கு உரியவை. மரக்கன்று அந்த இணையதளத்தை அறியாது. இணையதளத்துக்கு வருபவர்களும் அந்த மரக்கன்றைப் பார்த்ததில்லை. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 2: வரைதல்

```python
import matplotlib.pyplot as plt

m = range(1, 9)
height = [40, 44, 47, 53, 56, 61, 64, 70]
visits = [1200, 1260, 1340, 1390, 1500, 1530, 1620, 1680]

fig, ax1 = plt.subplots()
ax1.plot(m, height, color="green")
ax2 = ax1.twinx()
ax2.plot(m, visits, color="red")
plt.show()
```

`twinx()` என்ற கட்டளைதான் வலப்பக்கத்தில் இரண்டாவது அச்சை உருவாக்குகிறது. எக்செல்லில் இதையே செய்ய, ஒரு கோட்டின் மீது வலது சொடுக்கி Format Data Series பகுதியில் Secondary Axis என்பதைத் தேர்ந்தெடுப்பீர்கள்.

திரையில் தோன்றும் படத்தைச் சற்று நேரம் பாருங்கள். இரண்டு கோடுகளும் கீழ் இடது மூலையில் ஒரே புள்ளியில் தொடங்கி, மேல் வலது மூலையில் ஒரே புள்ளியில் முடிகின்றன. இடையில் ஒன்றையொன்று ஐந்து முறை வெட்டிக்கொண்டு பின்னிப் பிணைந்து செல்கின்றன. விவரம் அறியாத ஒருவரிடம் காட்டினால், இவை இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் செல்கின்றன என்றே சொல்வார்.

இந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது? நீங்கள் எல்லை எதையும் குறிப்பிடாததால், மேட்பிளாட்லிப் ஒவ்வொரு வரிசையின் குறைந்த மதிப்பையும் அதிக மதிப்பையும் எடுத்து, மேலும் கீழும் ஐந்து சதவீத இடைவெளி விட்டு, அச்சின் எல்லைகளைத் தானே அமைத்துக்கொள்கிறது. அதனால் இடப்பக்க அச்சு 38.5 முதல் 71.5 வரையும், வலப்பக்க அச்சு 1,176 முதல் 1,704 வரையும் அமைந்தன. தொடர்ந்து ஏறிக்கொண்டே செல்லும் எந்த வரிசையை இதில் இட்டாலும், அது கீழ் மூலையில் தொடங்கி மேல் மூலையில்தான் முடியும். ஆகவே கோடுகளின் இரு முனைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததற்குத் தரவில் உள்ள உறவு காரணம் அன்று. இரண்டு வரிசைகளும் தனித்தனியே நீட்டி அதே பெட்டிக்குள் அடைக்கப்பட்டன என்பதே காரணம்.

படி 3: வலப்பக்க அச்சை மட்டும் மாற்றுதல்

`plt.show()` வரிக்கு முன்னால் இந்த ஒரு வரியைச் சேர்த்து மீண்டும் இயக்குங்கள்.

```python
ax2.set_ylim(0, 1800)
```

இப்போது சிவப்புக் கோடு படத்தின் மேற்பகுதியில் மெல்லிய சரிவுடன் செல்கிறது. பச்சைக் கோடு அடியிலிருந்து செங்குத்தாக ஏறி வந்து, எட்டாம் மாதத்துக்குச் சற்று முன்னால் சிவப்பைத் தாண்டுகிறது. "பார்வையாளர்களை மரக்கன்று முந்தியது" என்று தலைப்பு வைக்கக்கூடிய படம் இது. சென்டிமீட்டர் எப்படி மனிதர்களின் எண்ணிக்கையை முந்தும் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனாலும் படம் அப்படித்தான் பேசுகிறது.

அடுத்து எல்லைகளை `(1176, 4000)` என்று மாற்றிப் பாருங்கள். சிவப்புக் கோடு அடியில் ஏறத்தாழத் தட்டையாகிவிடும், இரண்டும் எங்குமே வெட்டிக்கொள்ளாது. எண்களில் ஒன்றைக்கூட நாம் தொடவில்லை. கோடுகள் வெட்டும் இடம், அவற்றுக்கு இடையே உள்ள தூரம், எது வேகமாக ஏறுகிறது என்ற தோற்றம் ஆகிய மூன்றும் நாம் தட்டச்சு செய்த இரண்டு எண்களால் மாறிவிட்டன. ஒரே அச்சுள்ள வரைபடத்தில் எல்லையை மாற்றினால் எல்லாக் கோடுகளும் சேர்ந்தே நீளும் அல்லது சுருங்கும், அவற்றின் ஒப்பீடு குலையாது. இரட்டை அச்சில் அந்தக் கட்டுப்பாடு அறுந்துபோகிறது.

இரண்டு அச்சுகளையும் பூச்சியத்திலிருந்து தொடங்கினால் சரியாகிவிடும் என்று பலரும் பரிந்துரைப்பதுண்டு. அதையும் சோதித்துவிடுவோம். இடப்பக்கத்தை 0 முதல் 80 வரையும், வலப்பக்கத்தை 0 முதல் 1,800 வரையும் வையுங்கள், கோடுகள் வெட்டவில்லை. வலப்பக்க உச்சத்தை மட்டும் 2,000 ஆக்குங்கள். ஏழாம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் இடையே வெட்டுகின்றன. பூச்சியம் அடிப்பகுதியை மட்டுமே பிடித்து நிறுத்துகிறது. உச்சம் இன்னமும் வரைபவரின் கையில்தான் இருக்கிறது.

இந்த வெட்டுப்புள்ளிதான் எனக்கு மிகுந்த கவலை தரும் பகுதி, ஏனெனில் பார்ப்பவர் முதலில் அதைத்தான் பார்க்கிறார். இதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. 2015 செப்டம்பர் 29 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக் குழு நடத்திய விசாரணையில், பிளான்ட் பேரன்ட்ஹூட் என்ற அமைப்பின் சேவைகளைப் பற்றிய ஒரு வரைபடம் காட்டப்பட்டது. அதில் 2006 முதல் 2013 வரையிலான காலத்துக்கு இரண்டு அம்புக்குறிகள் இருந்தன. புற்றுநோய்ப் பரிசோதனை மற்றும் தடுப்புச் சேவைகளுக்கான அம்பு 20,07,371 இலிருந்து 9,35,573 க்கு இறங்கியது. கருக்கலைப்புகளுக்கான அம்பு 2,89,750 இலிருந்து 3,27,000 க்கு ஏறியது. இரண்டும் நடுவில் வெட்டிக்கொள்ள, வலது முனையில் 3,27,000 என்ற எண் 9,35,573 க்கு மேலே நின்றது. செங்குத்து அச்சே வரையப்படாததால், இரண்டு அம்புகளும் இரண்டு வெவ்வேறு அளவுகோல்களில் இருக்கின்றன என்பதற்கான அடையாளம்கூட அதில் இல்லை. இரண்டுமே சேவைகளின் எண்ணிக்கை என்பதால் ஒரே அச்சில் வரைந்திருக்கலாம். அப்படி வரைந்தால் ஒரு கோடு வெகுவாக இறங்குவதும் மற்றொன்று சற்றே ஏறுவதும் தெரியும், ஆனால் எங்குமே வெட்டாது. அந்த அமைப்பைப் பற்றி ஒருவர் என்ன கருத்து கொண்டிருந்தாலும், அந்த வெட்டுப்புள்ளி தரவில் இல்லை.

படி 4: எண்ணால் சோதித்தல்

"படத்தை விட்டுவிடுவோம், ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டுவிடலாமே" என்று தோன்றலாம். இரண்டு வரிசைகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்பதை −1 முதல் 1 வரையான ஓர் எண்ணால் சொல்லும் இந்தக் கெழு, அச்சின் எல்லைகளைப் பொருட்படுத்துவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள்.

```python
import numpy as np
print(np.corrcoef(height, visits)[0, 1])
print(np.corrcoef(np.diff(height), np.diff(visits))[0, 1])
```

முதல் வரி தரும் விடை ஏறத்தாழ 0.99. மரக்கன்றுக்கும் இணையதளத்துக்கும் கிட்டத்தட்ட முழுமையான ஒட்டுறவு! காரணம் எளியது: காலப்போக்கில் சீராக ஏறும் எந்த இரண்டு வரிசைகளும் இப்படித்தான் உயர்ந்த கெழுவைத் தரும். இரண்டும் காலத்தோடு ஏறுகின்றன என்பதைத் தவிர அந்த 0.99 வேறெதையும் சொல்லவில்லை.

இரண்டாவது வரி வேறு கேள்வியைக் கேட்கிறது. `np.diff` ஒவ்வொரு மாதமும் முந்தைய மாதத்தைவிட எவ்வளவு மாறியது என்பதைத் தருகிறது. உயரத்தில் மாற்றங்கள் 4, 3, 6, 3, 5, 3, 6. பார்வையாளர்களில் மாற்றங்கள் 60, 80, 50, 110, 30, 90, 60. உண்மையிலேயே இவை ஒன்றையொன்று சார்ந்திருந்தால், உயரம் அதிகமாக ஏறிய மாதத்தில் பார்வையாளர்களும் அதிகமாக ஏறியிருக்க வேண்டும். விடையோ ஏறத்தாழ −0.76, திசையே மாறிவிட்டது. அதை வைத்துக்கொண்டு "மரம் வளர்ந்தால் பார்வையாளர் குறைவர்" என்றும் முடிவு செய்யக் கூடாது, ஏனெனில் ஏழே புள்ளிகளில் இப்படிப்பட்ட எண் தற்செயலாகவும் வரும். பின்னிப் பிணைந்து தெரிந்த கோடுகளுக்குத் துணை நிற்கும் சான்று மாதாந்திர மாற்றங்களில் இல்லை என்பது மட்டுமே இதிலிருந்து நாம் பெறும் விடை.

படி 5: பதிலாக வரைய வேண்டியது

எது எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பது உங்கள் கேள்வியானால், இரண்டையும் தொடக்க மாதத்தை 100 ஆகக் கொண்ட குறியீட்டெண்ணாக மாற்றி ஒரே அச்சில் வரையுங்கள்.

```python
h = [100 * x / height[0] for x in height]
v = [100 * x / visits[0] for x in visits]
plt.plot(m, h)
plt.plot(m, v)
plt.show()
```

உயரம் 175 இல் முடிகிறது, பார்வையாளர் எண்ணிக்கை 140 இல் முடிகிறது. படி 2 இல் ஒரே புள்ளியில் முடிந்த கோடுகள் இங்கே தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: எந்த மாதத்தை 100 ஆகக் கொள்கிறீர்களோ அந்த மாதத்தில் கோடுகள் கட்டாயம் சந்திக்கும். எனவே வழக்கத்துக்கு மாறான மாதத்தை அடிப்படையாகக் கொள்ளாமல், எது அடிப்படை என்பதைப் படத்திலேயே எழுதிவிடுங்கள். அடிப்படை மாதத்தின் மதிப்பு பூச்சியமாக இருந்தாலோ வரிசையில் எதிர்ம எண் வந்தாலோ இந்த முறை பயன்படாது.

ஒவ்வொன்றும் எப்படி மாறியது என்பதை மட்டும் காட்ட வேண்டுமானால், `plt.subplots(2, 1, sharex=True)` கொண்டு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தனிப் படங்களை வரையுங்கள். காலம் நேராகப் பொருந்தி நிற்கும். வெட்டுப்புள்ளி என்ற ஒன்றே உருவாகாது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி என்றால், மாற்றங்களைச் சிதறல் வரைபடமாகப் போடுங்கள்.

இரட்டை அச்சு நேர்மையாகப் பயன்படும் இடமும் உண்டு. ஒரே வெப்பநிலையை இடப்பக்கம் செல்சியஸிலும் வலப்பக்கம் பாரன்ஹீட்டிலும் காட்டும்போது அங்கே இருப்பது ஒரே கோடுதான். ஒரு அச்சைச் சொன்னால் மற்றொன்று வாய்ப்பாட்டின்படி தானே அமைந்துவிடும். ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 தொகுப்பில் உள்ள `sec_axis()` இந்தக் கருத்தில்தான் அமைந்திருக்கிறது: இரண்டாவது அச்சு முதல் அச்சின் உருமாற்றமாக மட்டுமே இருக்க முடியும். தொடர்பற்ற வரிசையை அதில் வரைய விரும்புபவர் தரவைத் தாமே சுருக்கி நீட்ட வேண்டியிருக்கும். எந்த அளவுக்கு நீட்டுகிறோம் என்று ஒரு நிமிடமாவது யோசிக்க வைப்பதால் அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடிக்கும்.

படி 6: பிறர் வரைந்ததைப் படித்தல்

வேறொருவர் வரைந்த இரட்டை அச்சு வரைபடம் கைக்கு வந்தால், கோடுகளைப் பார்ப்பதற்கு முன் இரண்டு அச்சுகளின் அடி எண்ணையும் உச்சி எண்ணையும் படியுங்கள். பிறகு ஒவ்வொரு கோட்டின் முதல் மதிப்பையும் கடைசி மதிப்பையும் அதற்குரிய அச்சிலிருந்து குறித்துக்கொண்டு சதவீத மாற்றத்தைக் கணக்கிடுங்கள். நம் படத்தில் 40 இலிருந்து 70 என்பது 75 சதவீதம், 1,200 இலிருந்து 1,680 என்பது 40 சதவீதம். படத்தில் சம வேகமாகத் தெரிந்தவை இவைதாம். அச்சில் எண்களே அச்சிடப்படவில்லை என்றால், அந்தக் கோடுகளின் நெருக்கத்திலிருந்தோ வெட்டுப்புள்ளியிலிருந்தோ எதையும் கணக்கிட வழியில்லை. மூலத் தரவைக் கேட்டு வாங்கி, படி 5 இல் உள்ளபடி நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.