ஸ்கேன் ஃபிலிமில் R எந்தப் பக்கம், தேதி எது, மூலையில் இருப்பது என்ன?

2025 பிப்ரவரியில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் கொஞ்சம் வீக்கம் இருந்தது, இரண்டு நாளில் வடிந்துவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து இடது கால் இழுக்க ஆரம்பித்தது. இடது கையில் பிடித்த டம்ளர் நழுவியது. மார்ச் 8-ஆம் தேதி தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்தோம். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே வலது பக்கத்தில் பழைய ரத்தம் தேங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் சொன்னது. ஃபிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். பிறை மாதிரி ஒரு கறுப்புப் பட்டை, ஆனால் இடது பக்கத்தில்! அக்காவுக்கு போன் போட்டு, “ரிப்போர்ட்டில் பக்கத்தை மாற்றி அடித்துவிட்டார்கள், இடதுலதான் இருக்கு” என்று கத்தினேன்.

ரிப்போர்ட் சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஃபிலிமைப் பார்க்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நோயைக் கண்டுபிடிக்க இது உதவாது. இது யாருடைய படம், எந்தப் பக்கம், எப்போது எடுத்தது என்ற மூன்றையும் சரிபார்க்க மட்டும்தான்.

முதலில் வெளிச்சம்

டியூப்லைட்டில் காட்டிப் பார்க்காதீர்கள், நடுவில் மட்டும் பளிச்சென்று இருக்கும், ஓரத்து எழுத்து தெரியாது. லேப்டாப்பில் ஒரு காலி வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்து, ஃபிலிமை அதன்மேல் சாய்த்து வையுங்கள். நான் பார்த்த வரையில் வீட்டில் இதைவிட நல்ல வழி இல்லை. பெயரும் எண்களும் நேராகப் படிக்க வர வேண்டும். கண்ணாடியில் பார்ப்பது போல எழுத்துகள் திரும்பியிருந்தால் ஃபிலிமைப் பின்பக்கமாகப் பிடித்திருக்கிறீர்கள்.

படி 1: பெயர்

கவரின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், உள்ளே ஃபிலிமில் அச்சான பெயரைப் பாருங்கள். கவர் மாறுவது சர்வ சாதாரணம். நம் ஊரில் இன்னொரு சிக்கல் இனிஷியல். ஒரே நாளில் இரண்டு முருகன் வந்தால், ஒருவர் MURUGAN S, இன்னொருவர் S MURUGAN என்று பதிவாகியிருக்கலாம், இரண்டு பேருக்கும் வயது எழுபதைத் தாண்டியிருக்கலாம். அதனால் பெயரோடு நிறுத்தாமல், ஃபிலிமில் ID என்று இருக்கும் எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

படி 2: R, L (நான் சறுக்கிய இடம்)

சிடி ஃபிலிமில் நிறைய சின்னக் கட்டங்கள் இருக்கும். தலையைப் படுக்கைவாட்டில் சீவிச் சீவி எடுத்த படங்கள் அவை. ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பொடி எழுத்தில் R அல்லது L இருக்கும். R என்றால் நோயாளியின் வலது, L என்றால் அவருடைய இடது. படத்தைப் பார்க்கும் உங்களுடைய வலது இடது அல்ல.

வழக்கமான படத்தில் R இடது ஓரத்தில் இருக்கும். ஏன் இப்படி? நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார், நீங்கள் அவர் கால்மாட்டில் நின்று தலையை நோக்கிப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் படத்தை அமைக்கிறார்கள். எதிரில் நிற்பவருக்குக் கை கொடுக்கும்போது அவருடைய வலது கை உங்கள் இடது பக்கமாக வருகிறது இல்லையா, அதே கதைதான். அப்பாவின் படத்தில் கறுப்புப் பிறை இடது ஓரத்தில் இருந்தது. அந்த ஓரத்தில் R என்று அச்சாகியிருந்தது. ஆக, அது அப்பாவின் வலது மூளைப் பக்கம். மூளையின் வலது பாதி உடம்பின் இடது பாதியை இயக்குகிறது. இழுத்ததும் இடது கால், நழுவியதும் இடது கை. எல்லாம் பொருந்தியது.

தலைக்கு இந்த எழுத்து ஏன் இவ்வளவு தேவை என்றால், மூளை பார்ப்பதற்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. வயிற்று சிடி என்றால் பெரிதாகத் தெரியும் கல்லீரல் வலது பக்கம் என்று ஊகிக்கலாம். நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்தின் முனை இடது பக்கம் சாய்ந்திருக்கும். (மிக அபூர்வமாகச் சிலருக்கு உள்ளுறுப்புகளே பக்கம் மாறி இருக்கும். அவர்கள் படத்தில் எழுத்து இல்லாவிட்டால், ஃபிலிம்தான் திரும்பியிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடலாம்.) தலையில் அப்படி ஒரு அடையாளமும் கிடையாது. தேங்கிய ரத்தத்தை வடிக்க மண்டையோட்டில் எந்தப் பக்கம் துளை போடுவது என்பதற்கு அந்தப் பொடி எழுத்துதான் துணை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், தோலை வெட்டுவதற்கு முன், தேவையான படங்கள் கண் முன்னே வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒரு கேள்வி இருக்கிறது.

அந்த எழுத்து எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிடி இயந்திரம் முகத்தைப் பார்த்து வலது இடது கண்டுபிடிப்பதில்லை. தலை முதலில் உள்ளே போகிறதா கால் முதலில் போகிறதா, மல்லாந்தா குப்புறவா என்று டெக்னீஷியன் தேர்ந்தெடுக்கிறார். அதை வைத்துத்தான் எழுத்து அச்சாகிறது. அந்தத் தேர்வு தவறினால் எல்லாக் கட்டங்களிலும் எழுத்து சேர்ந்தே தவறும், ஃபிலிமைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் எந்தக் கை கால் பலவீனம், எங்கே அடி என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எரிச்சல்படாமல் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயில் விஷயம் வேறு. அங்கே ஈயத்தில் செய்த சின்ன எழுத்தைக் கைகாலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். அது கொஞ்சம் சாய்வாக, வெள்ளையாக, எலும்போடு சேர்ந்து விழுந்திருக்கும். கம்ப்யூட்டரில் பிறகு அடித்த எழுத்து நேராக, அச்செழுத்தாக இருக்கும். இரண்டில் ஈய எழுத்தைத்தான் நான் நம்புவேன். படம் எடுத்த நொடியிலேயே அது அங்கே இருந்தது. பிறகு அடித்தது ஒருவரின் நினைவிலிருந்து வந்தது.

படி 3: தேதி

இதிலும் ஒரு முறை மாட்டினேன். மார்ச் 9-ஆம் தேதி மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். ஏப்ரல் 3-ஆம் தேதி வேறொரு இடத்தில் மறுபடி சிடி. முதல் ஃபிலிமில் 08/03/2025 என்றும் இரண்டாவதில் 04/03/2025 என்றும் இருந்தது. நான் 4 மார்ச், 8 மார்ச் என்று படித்து, அந்த வரிசையில் அடுக்கி டாக்டரிடம் நீட்டினேன். அதாவது நல்லாகிவிட்ட படத்தை முதலிலும், ரத்தம் தேங்கிய படத்தைக் கடைசியிலும்.

அவர் ஒரு நொடிதான் பார்த்தார். “இந்த வெள்ளை வளையத்துல இடைவெளி தெரியுது பாருங்க. துளை போட்ட தலை இது. இதுதான் பின்னாடி எடுத்தது.” இரண்டாவது சென்டரில் அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் போட்டிருக்கிறார்கள்.

எந்த முறை என்று தெரிந்துகொள்ள ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அதே ஃபிலிமில் பிறந்த தேதியும் இருந்தால் அதைப் பாருங்கள். அப்பா பிறந்தது 1953 ஜூன் 17. இரண்டாவது ஃபிலிமில் 06/17/1953 என்று இருந்தது. பதினேழாவது மாதம் கிடையாது, ஆக மாதம்தான் முன்னால். பிறந்த தேதி தெரியாமல் 01/01 என்று போட்டிருந்தால் இந்த வழி உதவாது. அப்போது பில்லின் தேதிதான் கதி. கவனிக்க இன்னொன்று: பழைய படத்தை மறுபடி அச்சடித்து வாங்கினால், அச்சடித்த தேதியும் எங்காவது விழுந்திருக்கலாம். நமக்கு வேண்டியது படம் எடுத்த தேதி.

ஃபிலிமோடு படங்களைப் பதிந்த CD தகடும் கொடுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உள்ளே தேதி எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசையில் எட்டு இலக்கமாக இருக்கும். தகட்டோடு வரும் மென்பொருள் எனக்குப் பிடிக்காது. இலவசமாகக் கிடைக்கும் Weasis-ஐ நிறுவிக்கொள்ளுங்கள், அதிலேயே இந்த விவரங்களைப் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கப் பழகியவர்களுக்கு DCMTK என்ற கருவித் தொகுப்பு:

```
dcmdump +P StudyDate +P PatientPosition IM000001
```

எனக்கு வந்த விடையில் `20250403`, `HFS` என்று இருந்தன. முதலாவது 2025 ஏப்ரல் 3. இரண்டாவது, தலை முதலில், மல்லாந்து என்று டெக்னீஷியன் தேர்ந்தெடுத்தது. IM000001 என்பது என் தகட்டில் இருந்த கோப்பின் பெயர், உங்களுடையது வேறாக இருக்கும்.

சேர்த்தது 1: மூலையில் இருக்கும் L

கருத்துப் பெட்டியில் ஒரு வாசகி, “என் படத்தில் கீழே L 40 என்று இருக்கிறது, இடது பக்கத்தில் 40 மி.மீ. கட்டியா?” என்று பதறிப்போய்க் கேட்டிருந்தார். இல்லை! W 80 L 40 என்று ஜோடியாக வந்தால் அது படத்தின் கறுப்பு வெள்ளை அளவு, மூளைக்கு வழக்கமாக வைப்பது. டிவியில் பளிச்சைக் கூட்டிக் குறைப்பது போலத்தான். சில இயந்திரங்களில் L-க்குப் பதில் C என்று வரும். பக்கத்தைக் காட்டும் எழுத்து பெரும்பாலும் தனியாக, எண் ஒட்டாமல், கட்டத்தின் ஓரத்து நடுவில் இருக்கும். மேலே A, கீழே P என்று இருந்தால் முன்பக்கம், பின்பக்கம். பக்கவாட்டுப் படங்களில் H தலைப்பக்கம், F கால்பக்கம். அவற்றில் R, L தேடினால் கிடைக்காது.

சேர்த்தது 2: வாட்ஸ்அப்

இன்னொருவர் அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயை ஊரில் இருக்கும் டாக்டருக்கு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். “இது இடது முழங்கால் மாதிரி இருக்கே” என்று பதில். வலி இருந்தது வலதில். எனக்கும் அனுப்பினார், பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, திரும்பிய R. ஃபிலிமைப் பின்பக்கமாக ஜன்னலில் ஒட்டிப் படமெடுத்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இருக்கும் மெல்லிய எலும்பை வைத்துத்தான் பக்கத்தை ஊகிப்பார்கள். ஃபிலிமைத் திருப்பினால் அதுவும் இடம் மாறி, வலது கால் அசல் இடது காலாகவே தெரியும். ஏமாற்றாமல் நிற்பது எழுத்து ஒன்றுதான். அதனால் முதலில் ஃபிலிம் முழுவதையும் நான்கு மூலைகளும் தெரிய ஒரு படம், அப்புறம்தான் நெருக்கமான படங்கள். செல்ஃபி கேமராவில் எடுக்காதீர்கள், சில போன்கள் அதைக் கண்ணாடி போலத் திருப்பிச் சேமிக்கும்.

அப்பாவின் கவர்கள் மேல் இப்போது அழியாத மார்க்கரில் “8 மார்ச், துளைக்கு முன்”, “3 ஏப்ரல், துளைக்குப் பின்” என்று எழுதி வைத்திருக்கிறேன். மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன்.