பெயர் கேட்காவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும்: திரை–தூக்க ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மொபைல் பயன்பாடு பதின்வயதினரின் தூக்கத்தைப் பாதிக்கிறதா?" மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளில் இது அடிக்கடி தட்டுப்படும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வித்தாள் தயாரிக்க உட்கார்ந்ததும் சிக்கல் தொடங்கிவிடும். தலைப்பில் எல்லை இல்லாததால் எது தேவை, எது தேவையில்லை என்று தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று வயது, பாலினம், பிரிவு, வீடா விடுதியா, பெற்றோரின் வேலை, மதிப்பெண், என்ன ஆப் என்று கேள்விகள் சேர்ந்துகொண்டே போகும். மேலே மட்டும் "இது பெயரில்லா ஆய்வு" என்று ஒரு வரி இருக்கும்.

அந்த வரி உண்மையா என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 160 மாணவர்கள். பாலினம் 2, வயது 3, பிரிவு 4, வீடு அல்லது விடுதி 2. பெருக்கினால் 48 பெட்டிகள் வருகின்றன. சராசரியாக ஒரு பெட்டிக்கு மூன்று பேருக்குச் சற்று அதிகமாகத்தான் தேறுவார்கள். சில பெட்டிகளில் ஒரே ஒருவர்தான் இருப்பார். 'பி' பிரிவில் விடுதியில் தங்கும் 17 வயது மாணவி ஒருவர்தான் என்றால், அவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரிந்துவிடும். தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000-ல் காட்டியதும் இதைத்தான்: அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும். ஒரு பள்ளிக்குள் இது இன்னும் எளிது. அங்கே எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள்.

தலைப்பிலேயே தொடங்கும் தவறு

பாதுகாப்பைப் படிவத்தில் தேடுகிறோம். அது தலைப்பிலிருந்து தொடங்க வேண்டிய விஷயம். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டால் இருவருக்கும் உள்ள மற்ற வேறுபாடுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதனால் வயது, பாலினம், குடும்பம் எல்லாம் கேட்டாக வேண்டும். அதே மாணவரின் ஒரு இரவை அவருடைய இன்னொரு இரவோடு ஒப்பிட்டால் அவை எதுவும் தேவையில்லை. இரண்டு இரவுகளிலும் அவர் வயது அதுதான், வீடும் அதுதான்.

இந்த வழி அறிவியலிலும் வலுவானது. மின்நூல் கருவியையும் அச்சுப் புத்தகத்தையும் ஒப்பிட்டு 2015-ல் வெளியான ஆய்வுக்கூடச் சோதனையில் பங்கேற்றவர்கள் 12 பேர்தான், அவர்களும் பதின்வயதினர் அல்ல. ஆனால் ஒவ்வொருவரும் இரண்டு வகையிலும் தலா ஐந்து இரவுகள் படித்தார்கள். மின்நூல் படித்த இரவுகளில் தூக்கம் வரச் சராசரியாகச் சுமார் 10 நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. ஆளுக்கு ஆள் ஒப்பிட்டிருந்தால் இவ்வளவு சிறிய வேறுபாடு 12 பேரில் கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே தலைப்பை இப்படிச் சுருக்கிப் பாருங்கள்: "படுக்கையில் திரை பார்த்த இரவுகளில், பார்க்காத இரவுகளைவிட எவ்வளவு தாமதமாகத் தூங்குகிறார்கள்?" இதே அச்சில் வேறு தலைப்புகளும் கிடைக்கும். மொபைல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இரவிலும், வேறு அறையில் இருந்த இரவிலும் நடுவே எத்தனை முறை விழித்தார்கள்? மறுநாள் பள்ளி இல்லாதபோது தூங்கும் நேரம் எவ்வளவு தள்ளிப்போகிறது? இந்த இரண்டுக்குமே பெயரோ வயதோ வேண்டாம்.

ஏழு இரவுகள், ஒரே தாள்

மேலே சொன்ன முதல் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஏழு இரவுகளின் விவரம் ஒரே ஆளுடையது என்று தெரிய வேண்டும். அவர் யார் என்று தெரியக்கூடாது. இதற்காகப் பலர் ரகசியக் குறியீடு உருவாக்கச் சொல்வார்கள்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, உடன்பிறந்தோர் எண்ணிக்கை. சேர்க்கைப் பதிவேடு கையில் இருக்கும் ஆசிரியருக்கு இதை அவிழ்க்க ஐந்து நிமிடம் போதும். நெருங்கிய நண்பருக்கு அதுகூட வேண்டாம்.

ஏழு வரிகள் அச்சிட்ட ஒரே தாளைக் கொடுத்துவிட்டால் குறியீடே தேவையில்லை. மாணவர் அதைத் தன்னிடமே வைத்திருந்து, எட்டாம் நாள் மடித்து ஒரு பூட்டிய பெட்டியில் போடுகிறார். தாளின் எந்த மூலையிலும் வரிசை எண் இருக்கக்கூடாது. எழுத வேண்டிய இடமும் இருக்கக்கூடாது. கையெழுத்தை வைத்து ஆளைச் சொல்ல ஆசிரியர்களால் முடியும். வட்டமிடுவது மட்டும்தான். ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயங்கள் போதும்: மறுநாள் பள்ளி உண்டா, படுக்கையில் திரை பார்த்தேனா, பார்த்திருந்தால் தூங்க முயல்வதற்கு முன்பே எடுத்தேனா அல்லது தூக்கம் வராததால் எடுத்தேனா, தூங்கியது சுமாராக எப்போது. கடைசிக் கேள்விக்கு இரவு 9 மணியிலிருந்து கால் மணி இடைவெளியில் நேரங்களை அச்சிட்டுவிடுங்கள்.

மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மொபைலால் தூக்கம் போனதா, தூக்கம் வராததால் மொபைல் கைக்கு வந்ததா என்று பிரிக்கவே முடியாது. அதைக் கேட்டாலும் முழுதாகப் பிரிந்துவிடாது என்பது வேறு விஷயம். ஆனால் இரண்டாம் வகை இரவுகளைத் தனியே வைத்துப் பார்க்க முடியும்.

தாளை இரவில் நிரப்பச் சொல்லாதீர்கள். காலையில் எழுந்ததும் நிரப்பட்டும். இரவு பத்து மணிக்கு ஃபார்ம் லிங்க் அனுப்பி "இப்போதே பதிவிடுங்கள்" என்று கேட்கும் ஆய்வுகள் உண்டு. திரையின் பாதிப்பை அளக்க வந்து, அவர்கள் கையில் நாமே திரையைக் கொடுக்கிறோம்! தூக்கத்தைக் கணக்கிடும் ஆப்களை நிறுவச் சொல்வதும் வேண்டாம். தரவு நம் கைக்கு வருமுன் வேறொரு நிறுவனத்திடம் போய்விடும்.

ஆன்லைன் படிவம்தான் வேண்டும் என்றால்

கூகுள் ஃபார்மில் Collect email addresses என்பதில் Do not collect தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். Limit to 1 response என்பதை இயக்கினால் மாணவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தே ஆக வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. மின்னஞ்சல் உங்களுக்கு வராது என்றாலும், தன் கணக்கின் பெயரைத் திரையில் பார்த்த மாணவர் உண்மையைச் சொல்லமாட்டார். கோப்பு பதிவேற்றும் கேள்வி வைத்தாலும் இதே கதைதான்.

பதில்கள் வந்து சேரும் ஷீட்டின் முதல் நெடுவரிசையில் Timestamp இருக்கும். கணினி அறையில் மாணவர்கள் வரிசை எண்படி அமர்ந்து நிரப்பினால், பதில்களும் ஏறத்தாழ அதே வரிசையில் விழும். ஆகவே அந்த நெடுவரிசையை நீக்குவது மட்டும் போதாது, வரிசைகளையும் கலைக்க வேண்டும். பக்கத்தில் =RAND() போட்டு அதன்படி அடுக்கினால் கலைந்துவிடும். பிறகு அந்தக் கலைந்த பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு, ஃபார்மிலும் ஷீட்டிலும் உள்ள மூலப் பதில்களை அழித்துவிடுங்கள்.

மொபைல் காட்டும் திரை நேரத்தை ஸ்கிரீன்ஷாட்டாக வாங்குவது அடுத்த ஆபத்து. ஆப்களின் பெயர்கள், மேலே வந்து நிற்கும் யாரோ ஒருவரின் செய்தி, எல்லாம் சேர்ந்தே வரும். அந்த எண் தேவைதான். தாமே மதிப்பிட்டுச் சொல்லும் நேரமும் கருவி பதிவுசெய்யும் நேரமும் ஓரளவே ஒத்துப்போகின்றன என்று 2021-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து வட்டமிடச் சொன்னால் போதுமே.

கணக்கில் வழுக்கும் இடம்

தூங்கிய நேரங்களை அப்படியே சராசரி எடுத்தால் விபரீதம். இரவு 11:30-க்கும் 12:15-க்கும் ஷீட் தரும் சராசரி முற்பகல் 11:52. நள்ளிரவில் நாள் மாறுவதுதான் காரணம். இரவு 9 மணியிலிருந்து எத்தனை நிமிடம் என்று மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும். நேரம் A2-வில் இருந்தால்:

```
=MOD(A2-TIME(21,0,0),1)*1440
```

இப்போது ஒரு கற்பனைத் தாள். திரை பார்த்த நான்கு இரவுகளில் தூங்கியது 11:30, 11:30, 12:15, 12:45, சராசரி 12:00. பார்க்காத மூன்று இரவுகளில் 11:00, 11:15, 11:30, சராசரி 11:15. வேறுபாடு 45 நிமிடம். கட்டுரையில் போட ஆசையாக இருக்கும். ஆனால் 12:15-ம் 12:45-ம் மறுநாள் பள்ளி இல்லாத இரவுகள். அவற்றை விலக்கினால் 11:30-க்கு எதிரே 11:15, அதாவது 15 நிமிடம்தான். மிச்சத்தில் பெரும்பங்கு விடுமுறையால் வந்திருக்கலாம். முதல் கேள்வி எதற்கு என்பது இங்கேதான் புரியும்.

ஒவ்வொரு தாளுக்கும் இப்படி ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்து, எல்லாத் தாள்களின் இடைநிலையைப் பாருங்கள். ஏழு இரவும் பார்த்தவர்களும் ஒரு இரவும் பார்க்காதவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதிகம் பார்ப்பவர்களே இப்படி விடுபடக்கூடும் என்பதால், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று கட்டுரையில் கட்டாயம் எழுத வேண்டும்.

சம்மதமும் அதன் எல்லையும்

நெறிமுறைக் குழு அல்லது பள்ளி நிர்வாகத்தின் அனுமதியைத் தொடங்குமுன்பே வாங்குங்கள். பெற்றோர் கையெழுத்திட்ட படிவமும் தாளும் ஒரே கவரில் வந்தால் பெயரில்லா ஆய்வு அங்கேயே முடிந்தது. படிவம் ஒரு நாள், தாள் வேறொரு நாள் என்று வாங்குங்கள். பெற்றோர் சரி என்றாலும் மாணவருக்கு விருப்பம் இல்லாமல் இருக்கலாம். அவரும் வெற்றுத் தாளை மடித்துப் பெட்டியில் போடலாம் என்று சொல்லிவிட்டால், யார் பங்கேற்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் ஆசிரியர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது. பெட்டிக்குள் போன தாளைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தூக்கத்தோடு மனச்சோர்வையும் சேர்த்துக் கேட்கலாமே என்று தோன்றும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்டு, ஒருவர் 'ஆம்' என்று வட்டமிட்டால் என்ன செய்வீர்கள்? அவர் யார் என்று தெரியாது, உதவ முடியாது. உதவ முடியாத கேள்வியைப் பெயரில்லாத் தாளில் வைக்காதீர்கள். யாரிடம் பேசலாம் என்ற உதவி எண்ணை மட்டும் எல்லாத் தாள்களின் பின்பக்கத்திலும் அச்சிடுங்கள்.

முடிவை எழுதும்போது ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் குழுவையும் தனியே காட்டாமல் பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிடுங்கள். தாள்களை எண்களாக ஏற்றி, இரண்டாவது ஆள் ஒருமுறை சரிபார்த்த பிறகு கிழித்துப் போட்டுவிடலாம்.