ஸ்டோர் கேம் திறக்கவில்லையா? எந்த Reset என்று பார்த்து அழுத்துங்கள்

காரைக்குடியில் கணினி பழுது பார்க்கிறேன். பள்ளி விடுமுறை தொடங்கினால் கடைக்கு வரும் லேப்டாப்களில் பாதி "கேம் ஓப்பன் ஆகல" என்றுதான் வரும். கடைக்குப் புதிதாக வந்த பையன்கள் அதைச் சரிசெய்கிற லட்சணத்தைப் பார்த்தால், பல வருடங்களுக்கு முன் நான் செய்த கூத்துகளே மறுபடியும் நடக்கின்றன. இணையம் இருக்கிறதா, ரீஸ்டார்ட் செய்தாயா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கறுப்பு ஜன்னலை மூடிவிடுவது

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரே வெறும் பக்கமாக வந்தாலோ, எந்த கேமைத் தொட்டாலும் Pending என்றே நின்றாலோ, ஸ்டோர் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேஷ் மேல் சந்தேகப்படலாம். விண்டோஸ் பட்டனையும் R-ஐயும் சேர்த்து அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் இதை அடியுங்கள்:

```
wsreset.exe
```

எழுத்தே இல்லாத ஒரு கறுப்பு ஜன்னல் வரும். தொங்கிவிட்டது என்று நினைத்து அதை மூடுகிறவர்கள்தான் அதிகம். மூடாதீர்கள். வேலை முடிந்ததும் தானே மறைந்து, ஸ்டோர் தானே திறக்கும். இதில் அழிவது ஸ்டோர் தற்காலிகமாகச் சேர்த்து வைத்தவை மட்டும். ஏற்கெனவே போட்ட கேம்களும் உங்கள் கணக்கும் அப்படியே இருக்கும்.

கேமின் Reset-ஐ அழுத்துவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். "ஸ்டோர் கேஷை ரீசெட் பண்ணு" என்று யாராவது சொன்னால், கேட்டவர் Settings-க்குள் போய், Apps, Installed apps, அங்கே அந்த கேமின் மூன்று புள்ளி, Advanced options என்று இறங்கி, கண்ணில் பட்ட Reset-ஐ அழுத்திவிடுகிறார். பெயர் ஒன்றுதான், வேலை வேறு. கேமின் Reset, அந்த கேம் இந்தக் கணினியில் சேமித்த எல்லாவற்றையும் துடைத்துவிடும். அழுத்தும்போது எச்சரிக்கையும் வரும், படிப்பவர் யார்?

நான் படிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் எட்டு மாதமாக வளர்த்த பண்ணை, ஒரே கிளிக்கில் வெறும் புல்வெளி. அவன் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

போன மாதம் ஒரு ஆச்சி பேரனின் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "தம்பி, படம் வந்து வந்து போயிருது, பிள்ள சாப்பிடக்கூட மாட்டேங்குறான்." கேமின் லோகோ தெரியும், உடனே மூடிக்கொள்ளும். மற்ற கேம்கள் ஓடின, ஸ்டோரும் ஒழுங்காகத் திறந்தது. அப்படியென்றால் கோளாறு அந்த ஒரு கேமில்தான். Wsreset போட்டுப் பயனில்லை. அதற்குள் எங்கள் பையனின் மவுஸ் Reset மேல் போய்விட்டது. கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அதே பக்கத்தில் Reset-க்குச் சற்று மேலே Repair இருக்கிறது. அது சேமித்ததைத் தொடாது, அதனால் முதலில் அதைத்தான் அழுத்த வேண்டும். அழுத்தினோம், கேம் அசையவில்லை. சரி, Reset தவிர வழியில்லை என்றானதும் கேமை முழுவதும் மூடிவிட்டு, ரன் பெட்டியில் இதை அடித்தோம்:

```
%localappdata%\Packages
```

கேமின் பெயரும், அடிக்கோட்டுக்குப் பின் பதின்மூன்று எழுத்தும் கொண்ட ஃபோல்டர் அங்கே இருந்தது. அதை முழுவதும் பென்டிரைவில் நகலெடுத்த பிறகுதான் Reset. கேம் திறந்தது, வெறுமையாக. மூடிவிட்டு, நகலில் இருந்த LocalState ஃபோல்டரின் உள்ளடக்கத்தை மட்டும் பழைய இடத்தில் போட்டோம். பேரனின் ஊர் திரும்பி வந்தது.

எல்லா கேமுக்கும் இப்படி நடக்கும் என்று நம்பிவிட வேண்டாம். சேமித்த கோப்பே கெட்டிருந்தால், அதைத் திரும்பப் போட்டதும் பழைய கோளாறும் கூடவே வந்துவிடும். சில கேம்கள் எக்ஸ்பாக்ஸ் கணக்கு வழியாக மேகத்தில் சேமிக்கும். அவற்றுக்கு இந்தப் பயம் குறைவு. இன்னொரு கணினியில் அதே கணக்கில் நுழைந்து ஆட்டம் அங்கே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடலாம் என்று நினைக்கிறீர்களா? அதுவும் இந்த ஃபோல்டரைத் துடைத்துவிடும்.

வைஃபையின் குற்றத்தைக் கேஷ் மேல் போடுவது

ரவுட்டர் முகப்பில், கணினி இரண்டாம் கட்டில். நடுவே செட்டிநாட்டுச் சுவர். மூன்று முறை wsreset போட்டுவிட்டுத்தான் லேப்டாப்பை முகப்பை ஒட்டிய வளவுக்குத் தூக்கி வந்து பார்த்தேன். பாதியில் நின்ற டவுன்லோடு நகர்ந்தது.

0x80070070

இந்தப் பிழை எண் வந்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது. இடம் பண்ணுங்கள்.

WindowsApps ஃபோல்டரில் உரிமை மாற்றுவது

ஸ்டோர் ஆப்கள் இருக்கும் ஃபோல்டர் இது. கை வைக்காதீர்கள்.

தேதியைப் பார்க்காமல் விடுவது

பழைய மேசைக் கணினியில் போர்டு பேட்டரி செத்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். ஸ்டோர் இணைய மறுக்கும். தேதியைச் சரிசெய்துவிட்டு, CR2032 ஒன்று வாங்கி மாட்டுங்கள்.