கூடையில் நின்ற சேலை: நினைவூட்டல் நச்சரிப்பாகும் இடங்கள்

குன்னூரிலிருந்து ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு சிறு கடை என்று வைத்துக்கொள்வோம். இரவு 9.40-க்கு ஒருவர் 1,150 ரூபாய் கடுகு மஞ்சள் காட்டன் சேலையைக் கூடையில் போட்டு, முகவரியும் எண்ணும் கொடுத்து, பணம் கட்டும் பக்கத்தோடு நின்றுவிட்டார். பத்தே நிமிடத்தில் கடையிலிருந்து வாட்ஸ்அப் போகிறது:

"மறந்துட்டீங்களா? கடைசி ஒரு பீஸ்! இப்பவே வாங்கினா 10% தள்ளுபடி!"

முதல் தவறு, பேமென்ட் கேட்வேயைப் பார்க்காமல் அனுப்பியது. மலையில் சிக்னல் நடுவில் அறுந்து, யுபிஐயில் பணம் போயும் ஆர்டர் விழாமல் இருக்கலாம். பணத்தைக் காணோம் என்று தவிப்பவரிடம் "மறந்துட்டீங்களா" என்றால் எரிச்சல்தான் வரும். பேமென்ட் 'Failed' அல்லது 'Pending' என்றிருந்தால் விற்பனைப் பேச்சே வேண்டாம். பணம் என்ன நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது "மறந்துட்டீங்களா" என்ற சொல். சேலையைப் பார்த்தவர் பெரும்பாலும் மறப்பதில்லை, ஏதோ ஒரு சந்தேகத்தில் நிற்கிறார். ரவிக்கைத் துணி உண்டா, நிறம் படத்தில் இருப்பதுதானா, எத்தனை நாளில் வரும்? பனிமூட்டத்தில் எடுத்த படத்தில் கடுகு மஞ்சள் நீலம் பாய்ந்து, பச்சையாகத் தெரியலாம். எனவே நினைவூட்டலோடு வெயிலில் எடுத்த முந்தானைப் படம் ஒன்றை அனுப்புவது பத்து வரி வர்ணனையைவிட உதவும்.

"கடைசி ஒரு பீஸ்" உண்மையானால் தாராளமாகச் சொல்லலாம். அலமாரியில் ஆறு இருக்கும்போது சொன்னால் அது பொய் அவசரம். வாடிக்கையாளரை ஏமாற்றி வாங்க வைக்கும் உத்திகளை 'டார்க் பேட்டர்ன்' என்பார்கள்; அவற்றைத் தடுக்க இந்திய அரசு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது, நச்சரிப்பும் இருக்கிறது.

முதல் செய்தியிலேயே தள்ளுபடி கொடுத்தால், கூடையில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் விலை இறங்கும் என்று வாடிக்கையாளர் பழகிவிடுவார். முழு விலைக்கு வாங்கியவருக்குத் தெரிந்தால் அது வேறு வருத்தம்.

அதே கூடைக்கு, மறுநாள் காலை 11 மணிக்கு:

"வணக்கம். நேற்று நீங்கள் பார்த்த கடுகு மஞ்சள் காட்டன் சேலையின் முந்தானை, வெயிலில் எடுத்த படம் இது. ரவிக்கைத் துணி 80 செ.மீ. சேலையோடு வரும். மழையில் மலைப்பாதை அடைபட்டால் கூரியர் ஓரிரு நாள் தாமதமாகலாம். உங்கள் கூடை: (இணைப்பு). வேண்டாமென்றால் 'வேண்டாம்' என்று அனுப்புங்கள், இனி செய்தி வராது."

இதை பிராட்காஸ்ட் பட்டியலில் போடாதீர்கள். கடை எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும், புதியவர் பலர் சேமித்திருக்க மாட்டார். தனித்தனியாகவே அனுப்புங்கள், அதுவும் நினைவூட்டலுக்குச் சம்மதம் தந்தவருக்கு மட்டும். டெலிவரிக்காகக் கொடுத்த எண் அந்தச் சம்மதம் ஆகாது. முகவரிப் பக்கத்தில் 'நினைவூட்டல் அனுப்பலாம்' என்ற கட்டத்தை டிக் போடாமல் காலியாக வையுங்கள், விரும்புகிறவர் போட்டுக்கொள்வார்.

பதில் இல்லையென்றால் மூன்று நாள் கழித்து, புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும், இன்னொன்று. மூன்றாவது கிடையாது. 'வேண்டாம்' என்றவரின் உரையாடலுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு லேபிள் ஒட்டிவிடுங்கள். இல்லையேல் தீபாவளி நேரத்தில் அவசரமாக அனுப்பும்போது அவருக்கும் போய்விடும்.