குரல் தேடல்: தேடுவதற்கு முன்பே நடந்துவிடும் பிழையும், அதில் நாம் செய்யும் தவறுகளும்

ஒருவர் மைக்கில் "தோள் வலிக்கு என்ன மருந்து" என்று கேட்கிறார். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் அதை "தோல் வலிக்கு என்ன மருந்து" என்று எழுதித் தேடுபொறியிடம் கொடுக்கிறது. தேடுபொறி தன் வேலையை ஒழுங்காகச் செய்து, தோல் எரிச்சல், தோல் களிம்பு என்று பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. எங்கும் 'முடிவுகள் இல்லை' என்று வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. அதனால் உருவாக்கியவர்களுக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

இதைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு முதல் காரணம், சொற்பிழை விகிதத்தை மட்டும் பார்ப்பது. மேலே நான்கு சொற்களில் ஒன்று தப்பு, அதாவது 25 சதவீதம். அதே வாக்கியத்தில் 'என்ன' என்பது 'என' என்று விழுந்திருந்தாலும் அதே 25 சதவீதம்தான். ஆனால் 'என்ன' எல்லா ஆவணங்களிலும் கிடக்கிற சொல், தேடுபொறி அதற்குக் கொடுக்கும் எடை மிகக் குறைவு. 'தோள்' போனால் கேள்வியே போயிற்று. அதிலும் ஒரு சங்கடம்: பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், ஒலி தெளிவாக இல்லாதபோது அடிக்கடி வரும் சொல் பக்கமே சாயும். தேடலுக்கோ அரிதாக வரும் சொல்தான் உயிர். ஆக, எது முக்கியமோ அதுதான் அதிகம் அடிபடுகிறது. சொற்பிழை விகிதத்தோடு, சரியான ஆவணம் எத்தனையாவது இடத்துக்கு இறங்கியது என்பதையும் அளக்க வேண்டும்.

அடுத்த தவறு, தட்டச்சுக்காகச் செய்த எழுத்துப்பிழை திருத்தியை அப்படியே இங்கே மாட்டுவது. அது அகராதியில் இல்லாத சொல்லைத் தேடும். 'தோல்' அகராதியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, திருத்தி அதைத் தொடவே தொடாது. இங்கே தேவை ஒலி நெருக்கம். தமிழில் பெரும்பாலும் குழம்பும் எழுத்துகளை ஒன்றாக்கி ஒரு ஒலிச்சாவி செய்யலாம்:

```
t = str.maketrans("ளழறண", "லலரன")
key = word.translate(t)
```

இதை இண்டெக்ஸில் தனிப் புலமாக, குறைந்த எடையோடு வைக்க வேண்டும். முதன்மைப் புலத்திலேயே இப்படிச் செய்தால் வலி, வழி, வளி மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். அப்புறம் தட்டச்சு செய்து சரியாகக் கேட்பவருக்கும் குப்பைதான் கிடைக்கும்.

எனக்கு மிகப் பெரிய தவறாகத் தோன்றுவது, முதல் ஊகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிவதுதான். மென்பொருள் உள்ளே பல ஊகங்களை மதிப்பெண்ணோடு வைத்திருக்கிறது, கேட்டால் பெரும்பாலும் தரும். நம் எடுத்துக்காட்டில் 'தோல்' என்ற ஊகத்துக்கு 0.46, 'தோள்' என்பதற்கு 0.41 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் மிகக் குறைவு. இரண்டையும் தேடிப் பார்க்கலாம். 'தோள்', 'வலி' இரண்டும் சேர்ந்து வரும் கட்டுரைகள் நிறைய, எனவே அங்கே முதல் ஆவணம் 9 புள்ளி பெறுகிறது. 'தோல்' உடன் 'வலி' அபூர்வமாகவே சேரும், அங்கே கிடைப்பது 5 தான். பெருக்கிப் பாருங்கள்: 0.46 × 5 = 2.30, 0.41 × 9 = 3.69. காது தவறவிட்டதை ஆவணங்கள் பிடித்துவிட்டன. இரண்டு பட்டியல்களையும் இட வரிசையை மட்டும் வைத்து இணைத்தால் இந்த ஆதாயம் கிடைக்காது, ஏனென்றால் இரண்டிலும் முதலிடம் முதலிடம்தானே. புள்ளிகளை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். ஊகங்களின் சொற்கள் எண்ணிக்கையில் ஒத்திருந்தால்தான் இந்தக் கணக்கு ஓரளவு நியாயமாக நிற்கும். முதல் ஊகமே 0.95 என்று வந்தால் இத்தனை பாடும் வேண்டாம், நேராகத் தேடிவிடலாம்.

சோதனைக்கு எழுத்துக் கேள்விகளைக் கணினிக் குரலில் வாசிக்க வைத்து ஓட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அந்தக் குரல் ள, ழ எல்லாவற்றையும் பாடப்புத்தகம்போலச் சொல்லும், பின்னால் மின்விசிறிச் சத்தமும் இருக்காது. மனிதர்கள் பேசிய பதிவுகள் வேண்டும். அவற்றைக் கையால் எழுதி, அந்த எழுத்தையும் மென்பொருள் எழுதியதையும் ஒரே தேடுபொறியில் போட்டுப் பார்த்தால், கேட்பதில் மட்டும் எவ்வளவு இழக்கிறோம் என்பது தனியாகத் தெரியும்.

நேரடிப் பயன்பாட்டில், ஒருவர் சில நொடிகளிலேயே மறுபடி கேட்கிறாரா என்று பாருங்கள். இரண்டு கேள்விகளின் ஒலிச்சாவியும் ஒன்றாகவோ நெருக்கமாகவோ இருந்தால், அவர் மனம் மாறவில்லை, நாம்தான் தப்பாகக் கேட்டிருக்கிறோம். ஆனால் இரண்டாவது முறையும் தப்பாக விழலாம். அலுத்துப்போய்த் தட்டச்சுக்கு மாறியவர்களின் பதிவுகளை இன்னும் நம்பலாம், அதில் அவர் கேட்க நினைத்தது அவர் கையாலேயே எழுதப்பட்டிருக்கும்.