ஸ்கேனரில் கோளாறு கோட் இல்லையா? ரெடினஸையும் பாருங்க

மாட்டுத்தாவணி பக்கம் ஒரு பழைய பெட்ரோல் கார் பார்க்கப் போனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி, சாவியை ஆன் செய்தால் ஒரு கோளாறு கோட்கூட இல்லை. ஆனால் ரெடினஸ் பக்கத்தில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் இரண்டுக்கும் INC. அதாவது, வண்டி தன்னைத்தானே சோதித்து முடிக்கவில்லை. பழைய கோட்களை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ இப்படிக் காட்டும். அழித்தபின் ஓடியது வெறும் 4 கிலோமீட்டர் என்றது ஸ்கேனர்!

"பேட்டரி மாத்துனோம்ணே" என்றார் விற்றவர். இருக்கலாம்.

திருமங்கலம் வரை நாலுவழிச் சாலையில் சீரான வேகத்தில் ஓட்டித் திரும்பினோம். இன்ஜின் விளக்கு எரியவில்லை. இன்னும் உறுதியாகாத கோட்களைக் காட்டும் பெண்டிங் பக்கத்தில் மட்டும் P0420, அதாவது கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோட். கேட்டலிஸ்ட் தேய்ந்திருக்கலாம், சைலன்சர் குழாயில் கசிவும் இருக்கலாம். மெக்கானிக் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

பெட்ரோல் ஆவி வெளியேறாமல் பிடிக்கும் EVAP மட்டும் INC என்றால் பதற வேண்டாம், அது முடிய நாளாகும்.